5,000 கொடுத்தேன், 1,020 வந்தது: ஒரு வாடகை டெபாசிட் கணக்கின் ஆய்வு

என் சித்தி மகள் ஒரு நாள் இரவு ஒரு படத்தை அனுப்பினாள். வீட்டுக்காரர் கையால் எழுதிய ஒரு தாள். கீழே ஒரு வரி: "அண்ணா, ஐயாயிரம் கொடுத்தேன், ஆயிரத்து இருபது வந்திருக்கு. இது சரியா?"

அந்தத் தாளைச் சரிபார்க்க மூன்று வாரம் ஆனது. கணக்குப் போட ஒரு மாலை போதுமாக இருந்தது. மீதி நேரமெல்லாம் ஆதாரம் தேடுவதிலேயே போனது. எதைத் தேடினோம், எது கிடைத்தது, எது கடைசி வரை கிடைக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். கணக்கு எளிதாக இருக்கவும், எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தவும், மாத வாடகையை 1,000 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற தொகைகளையும் அதே விகிதத்தில் மாற்றியிருக்கிறேன்.

தாளில் இருந்தது இதுதான்: டெபாசிட் 4,500. பெயிண்ட் 1,200, வாட்டர் ஹீட்டர் 900, சுத்தம் செய்த செலவு 200, மின்கட்டணம் 180, நோட்டீஸ் தராததற்கு ஒரு மாத வாடகை 1,000. மொத்தப் பிடித்தம் 3,480. மீதி 1,020.

கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருந்தது. பலரும் அதைப் பார்த்துவிட்டு, "கணக்கு டேலி ஆகுது" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் டெபாசிட் கணக்கில் தப்பு கூட்டலில் வருவது அபூர்வம். முதல் வரியிலோ, ஒவ்வொரு பிடித்தத்தின் அடிப்படையிலோதான் வரும்.

முதல் வரி: கொடுத்தது எவ்வளவு?

தங்கை 5,000 கொடுத்தேன் என்கிறாள். தாளில் 4,500 இருக்கிறது. ஆகவே பிடித்தங்களைத் தொடாமல், பணம் போன வழியை முதலில் பார்த்தோம்.

மூன்று தவணையாகப் போயிருக்கிறது. வீட்டைப் பார்த்த அன்றே டோக்கன் என்று 500 ரொக்கம். ஒப்பந்தம் எழுதிய அன்று 3,500, வங்கி மூலமாக. சாவி வாங்கிய அன்று 1,000 ரொக்கம். அதற்கு ரசீது இருந்தது. ஒப்பந்தத்தில் "4,500 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருந்தது. டோக்கனைச் சேர்க்க எல்லோரும் மறந்துவிட்டார்கள், அல்லது ஒருவர் மட்டும் மறக்கவில்லை. தங்கையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

வங்கியில் போன 3,500-இலும் ஒரு சிக்கல். அது வீட்டுக்காரர் கணக்குக்குப் போகவில்லை, அவர் மகன் கணக்குக்குப் போயிருந்தது. குறிப்பு எழுதும் இடம் காலி. வீட்டுக்காரர் நினைத்திருந்தால், "அது என் மகனுக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம்" என்று சொல்லியிருக்கலாம். நல்லவேளையாக ஒப்பந்தத்தில் மொத்தத் தொகை இருந்ததால் அந்தப் பேச்சு எழவில்லை. ஒப்பந்தம் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியேறியவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய தலைவலியாகிவிடும்.

சாவி வாங்கிய அன்று தந்த ரசீதில் "அட்வான்ஸ் 1,000" என்று மட்டும் எழுதியிருந்தது. பேச்சில் டெபாசிட்டை எல்லோரும் அட்வான்ஸ் என்றுதான் சொல்கிறோம். ஆனால் தாளில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு: திருப்பித் தர வேண்டிய பாதுகாப்புத் தொகை என்றும் படிக்கலாம், முன்கூட்டியே கட்டிய வாடகை என்றும் படிக்கலாம். இரண்டாவது அர்த்தத்தில் அது முதல் மாதத்திலேயே தீர்ந்த பணம். "காலி செய்யும்போது திருப்பித் தரவேண்டிய டெபாசிட்" என்று ஒரு வரி இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இதற்கெல்லாம் நான் அவளுக்குப் போட்டுக் கொடுத்தது ஒரே ஒரு அட்டவணை. தேதி, தொகை, ரொக்கமா வங்கியா, யார் பெயருக்குப் போனது, வங்கி தந்த பரிவர்த்தனை எண், எதற்காக, சான்று எங்கே இருக்கிறது. ஏழு பத்திதான். கடைசிப் பத்தியில் "டோக்கன் 500" வரிக்கு எதிரே வெறும் இடம். ஓட்டை எங்கே என்பது கண்ணில் பட்டது.

அந்த வெற்றிடத்தை நிரப்பப் பார்த்தோம். அன்று காலை ஏடிஎம்மில் 500 எடுத்தது வங்கி அறிக்கையில் இருக்கிறது. அவள் கையில் பணம் வந்ததை அது காட்டுமே தவிர, யார் கைக்குப் போனது என்று காட்டாது. "டோக்கன் கிடைத்தது" என்று வீட்டுக்காரர் செய்தி அனுப்பியதாக அவளுக்கு ஞாபகம். அந்த போன் உடைந்து, உரையாடல் காப்பு எடுக்கப்படாமலே புதிய போனுக்கு மாறிவிட்டாள். சரி, அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனோம்.

பெயிண்ட்

தாளில் பெரிய தொகை இதுதான். நான் அதிக நேரம் செலவழித்ததும் இதில்தான்.

கேள்வி இரண்டு. சேதம் எது, இயல்பான தேய்மானம் எது? சேதம் என்றால், அதன் விலையில் எவ்வளவு குடியிருந்தவர் தலையில் விழ வேண்டும்?

மனிதர் வாழ்ந்தாலே சுவர் மங்கும், கதவுப் பிடி தேயும், நடக்கிற இடத்தில் தரை பளபளப்பு இழக்கும். இது வாடகைக்குள் அடங்கியது. பல நாடுகளின் வாடகைச் சட்டங்கள் இதைப் பிடித்தத்திலிருந்து விலக்கி வைக்கின்றன. கிரேயான் கிறுக்கல், பெயர்ந்த சுவர்த் துண்டு, உடைந்த ஓடு ஆகியவை வேறு கணக்கு. தங்கை வீட்டில் நான்கு அறை. மூன்று அறையில் நிறம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். நான்காவதில் அவள் பையன் கிரேயானால் இரண்டு சுவர் முழுக்க ரயில் வரைந்திருந்தான். அழகான ரயில்தான், ஆனாலும் அது சேதம்.

எனவே 1,200-ஐ நான்கால் வகுத்தால் ஓர் அறைக்கு 300. அறைகள் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் இந்த வகுத்தல் செல்லும். அளவு வேறாக இருந்தால் சுவரின் சதுர அடியை வைத்துப் பிரிக்க வேண்டும்.

அந்த 300-ஐயும் முழுசாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஏனென்றால் அந்தப் பெயிண்ட் புதியது இல்லை. அதன் ஆயுளில் பாதி ஏற்கெனவே கழிந்துவிட்டது. முழு விலையையும் பிடித்தால், வீட்டுக்காரர் பழைய பெயிண்டைக் கொடுத்துப் புதிய பெயிண்டை இலவசமாக வாங்கிக்கொள்கிறார் என்று ஆகும். இங்கிலாந்தில் டெபாசிட் பிணக்குகளைத் தீர்ப்பவர்களும் பொருளின் வயதையும் எதிர்பார்க்கக்கூடிய ஆயுளையும் பார்த்தே தொகையைக் குறைக்கிறார்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
பிடித்தம் = சரிசெய்யும் செலவு × (மீதி ஆயுள் ÷ மொத்த ஆயுள்)
```

பெயிண்டின் மொத்த ஆயுள் எவ்வளவு என்பதில்தான் எல்லாச் சண்டையும் வரும். மூன்று வருடம் என்பார் ஒருவர், பத்து என்பார் இன்னொருவர். எங்களுக்கு இங்கே அதிர்ஷ்டம் இருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, "ஹாலுக்குப் பெயிண்ட் அடித்துத் தர முடியுமா?" என்று தங்கை கேட்டிருக்கிறாள். அதற்கு வீட்டுக்காரர் மின்னஞ்சலில், "நீங்கள் வருவதற்கு முந்தின வாரம்தான் அடித்தது, நான் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அடிப்பேன்" என்று பதில் எழுதியிருந்தார். எப்போது அடித்தார், எத்தனை வருடம் தாங்கும் என்று அவர் கருதுகிறார், இரண்டுமே அவர் வாயாலேயே வந்துவிட்டது.

மொத்த ஆயுள் 60 மாதம். அவள் இருந்தது டிசம்பர் 1 முதல் மே 31 வரை, இரண்டரை வருடம், அதாவது 30 மாதம். மீதி 30. ஆக 300 × 30 ÷ 60 = 150.

வாட்டர் ஹீட்டர்

காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பு ஹீட்டர் நின்றுவிட்டது. புதிதாக வாங்கிய 900-ஐ அவர் அப்படியே போட்டிருந்தார்.

குடியேறிய நாளில் தங்கை எடுத்த படங்கள் மொத்தம் 40-க்கு மேல். அதில் ஒன்று ஹீட்டரின் பக்கவாட்டு ஸ்டிக்கர். ஆதாரம் வேண்டும் என்று எடுத்ததில்லை. சுவிட்ச் எது என்று கணவருக்குக் காட்ட எடுத்தது. அதில் மாடல் எண்ணும், தயாரித்த மாதமும் வருடமும் தெளிவாகத் தெரிந்தன. குடியேறியபோதே அதற்கு ஐந்தரை வயது. நின்றபோது ஏறக்குறைய எட்டு.

பழுது பார்க்க வந்தவரிடம் அவள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியிருந்தாள்: உப்புப் படிந்து, சூடேற்றும் கம்பிச்சுருள் அரித்துவிட்டது. உப்புப் படிவது தண்ணீரால் வருடக்கணக்கில் நடப்பது. குடியிருந்தவர் ஏதோ செய்து உடைத்தது இல்லை. ஆகவே பதில் இரண்டு அடுக்காகப் போனது. இது சேதமே இல்லை, தேய்மானம். சேதம் என்றே வைத்தாலும் எட்டு வயது ஹீட்டரின் மீதி ஆயுளுக்குப் புது ஹீட்டரின் விலையைக் கேட்க முடியாது. பிடித்தம் 0.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. படக் கோப்புக்குள் இருக்கும் தேதியை மாற்ற முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு, அரட்டைச் செயலிகளில் சாதாரணப் படமாக அனுப்பினால் பெரும்பாலும் அளவு சுருங்கி, அந்தத் தேதித் தகவலும் போய்விடும். ஸ்டிக்கரில் இருக்கும் சின்ன எழுத்து அப்புறம் படிக்க வராது. தங்கை எல்லாப் படத்தையும் அசல் கோப்பாகவே மின்னஞ்சலில் இணைத்து, குடியேறிய அன்று இரவே வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தாள். "இன்று வீடு இருந்த நிலை" என்று ஒரு வரி. அவர் பதில் போடவில்லை. பரவாயில்லை, அவருடைய பெட்டியிலும் அதே தேதியில் அது இருக்கிறது. அவளுடைய போன் உடைந்த பிறகும் இந்தப் படங்கள் பிழைத்தது இதனால்தான்.

சில்லறைகள்

சுத்தம் செய்ததற்கு 200 என்றார். பில் கேட்டோம், 120-க்குத்தான் இருந்தது. அடுப்பு மேடையை எண்ணெய்ப் பிசுக்கோடு விட்டுவந்தது உண்மை என்று தங்கையே ஒப்புக்கொண்டாள். 120 ஏற்றுக்கொண்டோம். செய்யாத தப்புக்குக் கட்டக் கூடாது, செய்ததற்குப் பேரம் பேசவும் கூடாது.

மின்கட்டணம் ஏப்ரல் 20 முதல் ஜூன் 20 வரையிலான பில். அளவு 8,410-லிருந்து 8,770 வரை, 360 யூனிட், 180. அவள் மே 31 அன்று சாவி கொடுக்கும் முன் மீட்டரைப் படம் எடுத்திருந்தாள்: 8,650. அவள் பங்கு 240 யூனிட். எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை என்பதால் 120. மீதி 60, பெயிண்ட் அடிக்க வந்தவர்களும் அடுத்துக் குடிவந்தவர்களும் எரித்தது. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் ஊர்களில் இப்படி நேராகப் பிரிக்க முடியாது. அவரவர் பங்கை எந்த விலையில் வைப்பது என்று பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

நோட்டீஸ்

ஒப்பந்தத்தில் இருந்த வரி: "காலி செய்ய 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்." தவறினால் ஒரு மாத வாடகை என்று எங்கும் இல்லை. தங்கை செய்தி அனுப்பியது மே 9. அன்றிலிருந்து 30 நாள் என்றால் ஜூன் 8. வீட்டைக் கொடுத்தது மே 31. முன்னறிவிப்பில் 8 நாள் குறைகிறது.

புதுக் குடித்தனம் ஜூன் 12-இல் வந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அதாவது அந்த எட்டு நாளும் வீடு உண்மையிலேயே காலியாக இருந்தது, வீட்டுக்காரருக்கு அந்த நாட்களின் வாடகை நஷ்டம். அதைக் கொடுப்பது நியாயம். ஜூன் 12-க்குப் பிறகும் சேர்த்துக் கேட்பது ஒரே நாட்களுக்கு இரண்டு பேரிடம் வாடகை வாங்குவது. 1,000 × 8 ÷ 30 = 267.

இங்கே தங்கை ஒரு சந்தேகம் கேட்டாள். "கடைசி மாத வாடகையே கட்டாம, டெபாசிட்ல கழிச்சுக்கோங்கன்னு சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டம் வந்திருக்காதே?" நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கைக்குப் பணம் வந்த மாதிரி இருக்கும். ஆனால் அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் செய்தால், "வாடகை பாக்கி வைத்தவர்" என்ற இடத்துக்கு நாம் போய்விடுகிறோம். அதன் பிறகு பெயிண்டையும் ஹீட்டரையும் பற்றி நாம் சொல்வதைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

கடிதமும் முடிவும்

பிடித்தங்களின் எங்கள் கணக்கு: 150 + 0 + 120 + 120 + 267 = 657. டெபாசிட் 5,000 என்றால் திரும்ப வரவேண்டியது 4,343. வந்தது போக மீதி 3,323.

ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் அவர் எழுதிய தொகை, எங்கள் தொகை, ஒரு வரி காரணம், எந்த இணைப்பு. கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. தங்கை இரண்டு இடத்தில் சேர்க்கப் பார்த்தாள், நான் அடித்துவிட்டேன். முக்கியமாக ஒரு வரி: "ஏற்கெனவே அனுப்பிய 1,020-ஐ பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன், கணக்கு முடிந்ததாக அல்ல." குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால், கணக்கு முடிந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். "முழுத் தீர்வு" என்று எழுதிய ரசீதில் கையெழுத்துக் கேட்டால் இன்னும் கவனம் தேவை. பதில் தர 14 நாள் கெடு வைத்தோம்.

கெடு வைக்கும் முன் அந்த இடத்துச் சட்டம் தரும் கால அளவைப் பார்த்துவிடுவது நல்லது. கலிபோர்னியாவில் காலி செய்த 21 நாளுக்குள் பிடித்தப் பட்டியலும் மீதிப் பணமும் வந்தாக வேண்டும், நியூயார்க்கில் 14 நாள். இங்கிலாந்தில் பெரும்பாலான தனியார் வீட்டு வாடகைகளுக்கு டெபாசிட் பணம் வீட்டுக்காரர் பையில் சும்மா இருக்க முடியாது. வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவாக வேண்டும். இப்படி எதுவும் சொல்லாத இடங்களில் ஒப்பந்தத்தில் எழுதிய நாள்தான் கணக்கு. தங்கையின் ஒப்பந்தத்தில் அதுவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்காரர் போன் செய்தார். பெயிண்டுக்கு மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார். அவருடைய மின்னஞ்சலை வாசித்துக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார். ஹீட்டரைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. டோக்கனுக்கு வந்தபோது, "அப்படி எதுவும் வாங்கலையேம்மா, ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதுதான்" என்றார். உண்மையிலேயே மறந்தாரோ என்னவோ. எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து 2,823 வந்தது. 4,500-இல் 657 போக 3,843. அது முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. 500 போனது போனதுதான்.

மாப்பிள்ளையின் 600

இந்த வேலை நடக்கும்போதே தங்கையின் கணவர், "என் கணக்கையும் ஒரு தடவை பாருங்களேன் மச்சான்" என்றார். பழைய வேலையில் கருவிகளுக்கான டெபாசிட் என்று மாதம் 100 வீதம் ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். விலகியபோது கணக்குப் பிரிவு தந்தது 400.

வேலை டெபாசிட்டில் தனி ரசீது வருவதில்லை, சம்பளச் சீட்டுதான் ரசீது. ஆறு சீட்டையும் அடுக்கிப் பார்த்தால், நான்கில் "கருவி டெபாசிட்" என்றும், முதல் இரண்டில் "இதர பிடித்தம்" என்றும் இருந்தது. அவர்களுடைய மென்பொருள் பெயரை வைத்துத் தேடி நான்கை மட்டும் கூட்டியிருக்கிறது. நியமனக் கடிதத்தில் "முதல் சம்பளத்திலிருந்து ஆறு தவணை" என்று இருந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்பியதும் மறுவாரம் மீதி 200 வந்துவிட்டது. கருவிகளை ஒப்படைத்தபோது வரிசை எண்களோடு எழுதி வாங்கியிருந்ததால், "ஒன்று குறைகிறது" என்ற பேச்சும் வரவில்லை. இப்படி டெபாசிட் பிடிப்பதையே சில நாடுகள் தடுக்கின்றன அல்லது கட்டுப்படுத்துகின்றன. பிடித்தது செல்லுமா என்பது தனிக் கேள்வி. பிடித்தது எவ்வளவு என்பதற்குச் சம்பளச் சீட்டு வேண்டும். வேலையை விட்டதும் நிறுவனத்தின் இணைய வாசல் மூடிவிடும் என்பதால், விலகும் கடிதம் கொடுக்கும் முன்பே எல்லாச் சீட்டையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்கை புது வீடு பார்த்த அன்றும் டோக்கன் கேட்டிருக்கிறார்கள். ரொக்கம் இருந்தும் வங்கியில்தான் அனுப்பினாளாம். குறிப்பு எழுதும் இடத்தில் "வீட்டு டெபாசிட் டோக்கன், திருப்பத் தக்கது" என்று எழுதியதில், எழுத்து எண்ணிக்கை தாண்டி "திருப்பத்" என்பதோடு நின்றுவிட்டது. "அது போதுமா அண்ணா?" என்று கேட்டாள். மீதியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.